கெடுவுக்குள் ஒரு புத்தகம்: தவறும் நாட்களையும் எண்ணி, நாளுக்கு எத்தனை பக்கம் என்று முடிவுசெய்வது

புத்தகம் 452 பக்கம். இன்று ஜூன் 3, வாசிப்பு வட்டம் கூடுவது ஜூன் 30. 28 நாள் இருக்கிறது. நாளுக்கு 17 பக்கம் போதும்தானே, ஐயா?

போதாது, தங்கச்சி. ஒரு நாள்கூடத் தவறாத மனிதருக்குத்தான் 17 சரியான விடை. அப்படி ஒருவரை யாழ்ப்பாணத்தில் நான் இதுவரை காணவில்லை. கலியாணவீடு, செத்தவீடு, கோயில், வெளிநாட்டில் இருந்து வந்திறங்கும் உறவு என்று ஏதாவது ஒன்று வாசலில் வந்து நின்றுகொண்டே இருக்கும்.

இதைக் கேட்டவர் கொக்குவில் பக்கத்து வாசிகசாலை ஒன்றில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்துக்குப் புதிதாக வந்த பெண். வங்கி ஒன்றில் வேலை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வாசிக்க நேரம். எழுதுவினைஞராக முப்பது வருடம் கணக்கோடு இருந்த பழக்கத்தில் அவருடைய நாட்காட்டியை வாங்கி நான் ஒரு கணக்குப் போட்டேன். வந்த எண் 17 அல்ல, 27. அவர் முதலில் நம்பவில்லை. மாதம் முடிந்த பிறகு அதே நாட்காட்டியை வைத்துப் பழைய 17ஐயும் சரிபார்த்தோம். அவர் உண்மையில் வாசித்த நாட்களில் 17 பக்கமாக வாசித்திருந்தால், கடைசி மூன்று நாளும் விடாமல் வாசித்ததாக வைத்துக்கொண்டாலும், ஜூன் 30 காலையில் 157 பக்கம் மிச்சம் கிடந்திருக்கும். நாவலின் முடிவு முழுவதும் அந்த 157 பக்கத்துக்குள் இருக்கிறது. வட்டத்தில் மற்றவர்கள் அதைப் பற்றித்தான் கதைப்பார்கள்.

கீழே உள்ள கேள்விகள் அவரும் பிறகு மற்றவர்களும் கேட்டவை. அவருடைய ஜூன் மாதத்தையே உதாரணமாகப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

452 என்று கடைசித் தாளில் அச்சிட்டிருக்கிறது. அதைத்தானே எடுக்க வேண்டும்?

புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அந்த நாவலில் கதை 9ஆம் பக்கத்தில் தொடங்கியது. முன்னால் உரிமைப் பக்கம், சமர்ப்பணம், பதிப்புரை. கதை 437இல் முடிந்தது. அதற்குப் பிறகு வட்டாரச் சொற்களுக்குப் பொருளும், பதிப்பகத்தின் மற்றைய வெளியீடுகளின் பட்டியலும். ஆக, வாசிக்க வேண்டியது 9 தொடக்கம் 437 வரை.

437இல் 9ஐக் கழித்தால் 428. ஆனால் 9ஆம் பக்கத்தையும் வாசிக்கத்தான் போகிறோம், ஆகவே ஒன்றைக் கூட்டி 429. ஒரு பக்கத்தால் ஒன்றும் கெட்டுவிடாது. இதே தவறை நாட்களை எண்ணும்போது செய்தால்தான் சுடும். அதனால் இங்கேயே பழகிவிடுவது நல்லது.

முன்னுரையை வாசிப்பீர்களா இல்லையா என்பதையும் முதல் நாளே முடிவுசெய்துவிடுங்கள். நாற்பது பக்க முன்னுரை எழுதும் பேராசிரியர்கள் நம்மிடம் உண்டு. நான் அவற்றைக் கதை முடிந்த பிறகுதான் வாசிப்பேன், ஆகவே கணக்கில் சேர்ப்பதில்லை.

30ஆம் திகதிதானே கடைசி நாள்?

30 கூட்டம் நடக்கும் நாள். பின்னேரம் நான்கு மணிக்குக் கூட்டம் என்றால், அன்று காலையில் சமையலும் குளிப்பும் போக வாசிப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. 29ஆம் திகதி கோடிட்ட இடங்களைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அவரே சொன்னார். அப்படியானால் வாசித்து முடிக்க வேண்டிய நாள் 28. ஜூன் 3 தொடக்கம் 28 வரை, முதல் நாளும் கடைசி நாளும் சேர்த்து, 26 நாள்.

நூலகப் புத்தகமானால் திருப்பிக் கொடுக்கும் திகதிக்கு முதல் நாளையே கடைசி நாளாக எடுங்கள். புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் கடைசி அத்தியாயம் வாசித்து, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டவன் நான்.

எந்த நாள் தவறும் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?

பாதி தெரியும், பாதி தெரியாது. இரண்டையும் கலந்து ஒரே மூட்டையாகக் கட்டுவதால்தான் கணக்குப் பிழைக்கிறது.

முதலில் தெரிந்ததை எடுங்கள். சுவரில் தொங்கும் நாட்காட்டியைக் கழற்றி மேசையில் வைத்து, பென்சிலால் வட்டம் போடுங்கள். அவருக்கு வங்கி அலுவலாகக் கொழும்புப் பயணம் இருந்தது. 13, 14 இரண்டு நாளும் அங்கே. 12ஆம் திகதி இரவு பஸ். அவர் 13ஐயும் 14ஐயும் மட்டும் வட்டமிட்டார். 12ஐயும் போட வைத்தேன். அவருடைய வாசிப்பு நேரம் இரவு ஒன்பது மணி; அந்த நேரத்தில் அவர் பஸ்ஸில் இருப்பார், பஸ்ஸில் விளக்கை அணைத்துவிடுவார்கள். உங்கள் வாசிப்பு நேரம் எந்த நாளில் அகப்படாமல் போகிறது என்றுதான் பார்க்க வேண்டும். ஊரில் இல்லாத நாள் வேறு, வாசிக்க முடியாத நாள் வேறு. பிறகு ஊர்க் கோயிலில் தேரும் தீர்த்தமும், 20, 21. பெரியப்பாவின் அந்தியேட்டி 25. மொத்தம் ஆறு நாள். 26இல் 6 போக 20.

இனித் தெரியாதவை. காய்ச்சல், திடீர் விருந்தாளி, மின்வெட்டு, ஒரு காரணமும் இல்லாத சோம்பல். இவை எந்த நாளில் வரும் என்று சாத்திரியாராலும் சொல்ல முடியாது. ஆனால் எத்தனை வரும் என்பதை உங்களுடைய சென்ற மாதம் சொல்லும். ஞாபகத்தைக் கேட்காதீர்கள், அது எப்போதும் உங்கள் பக்கமே சாட்சி சொல்லும். கடந்த மூன்று வாரத்தில் உண்மையாகப் புத்தகம் திறந்த நாட்களை எண்ண வேண்டும். இந்தப் பெண் முந்திய புத்தகத்துக்குப் பக்க அடையாளமாக வைத்திருந்த தாளில் திகதி குறித்து வந்திருந்தார், அது நல்ல காலம். வேறு அலுவல் எதுவும் இல்லாத 20 நாளில் 4 நாள் வாசிக்கவில்லை. அதாவது ஐந்துக்கு ஒன்று.

குறிப்பு எதுவும் இல்லாதவர்கள் முதல் வாரத்துக்கு நாலுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். ஒரு வாரம் போனதும் உங்கள் சொந்த எண் கிடைத்துவிடும்.

அப்படியானால் 20 நாளில் 4 தவறும், 16 மிஞ்சும். 429ஐ 16ஆல் வகுத்தால் முடிந்தது, இல்லையா?

இந்த இடத்தில்தான் கணக்குத் தெரிந்தவர்களும் சறுக்குகிறார்கள். நாலு என்பது சராசரி. சில மாதம் இரண்டு தவறும், சில மாதம் ஆறு தவறும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நாலு. நாலுக்கு மட்டும் இடம் விட்டால், ஐந்தாவது நாள் தவறும் மாதங்களில் எல்லாம் நீங்கள் கெடுவைத் தவறவிடுவீர்கள்.

எவ்வளவு அடிக்கடி? ஒவ்வொரு நாளும் ஐந்துக்கு ஒன்று தவறக்கூடிய நாள் என்று கொண்டு 20 நாளுக்குக் கணக்குப் பார்த்தால், நாலோ அதற்குக் குறைவோ தவறுவது நூறு முறையில் 63 முறை. மற்றைய 37 முறையும் ஐந்தோ அதற்கு மேலோ. மூன்றில் ஒரு பங்குக்கும் கூடுதலான தோல்வி. ஆறு நாளுக்கு இடம் விட்டால் நூற்றில் 91 முறை தப்பிவிடலாம். வெறும் இரண்டு நாள் கூடுதலாக விட்டதற்கு இவ்வளவு வித்தியாசம்.

இந்த "இரண்டு" எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கைக்கணக்குக்கு ஒரு வழி இருக்கிறது. தவறும் என்று எதிர்பார்க்கும் நாட்களின் வர்க்கமூலத்தை அதோடு கூட்டுங்கள். 4இன் வர்க்கமூலம் 2, ஆகவே 6. ஒன்பது நாள் தவறும் என்றால் 3 கூட்டி 12. பின்னம் வந்தால் கிட்டிய முழு எண். பள்ளிக்கூடத்தில் படித்த வர்க்கமூலம் வாழ்க்கையில் உதவிய இடங்களை எண்ண எனக்கு ஒரு கை விரல் போதும். அதில் இது ஒன்று.

ஒரு குறை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் தவறுவதற்கும் அடுத்த நாள் தவறுவதற்கும் தொடர்பில்லை என்று வைத்துத்தான் அந்த 91 வருகிறது. உண்மையில் காய்ச்சல் வந்தால் மூன்று நாள் நிற்கும். செத்தவீடு என்றால் எட்டுச் செலவு வரை இழுக்கும். தவறும் நாட்கள் கூட்டமாக வரும் வழக்கமுள்ள வீட்டில் இன்னும் ஒரு நாளை ஒதுக்குங்கள்.

ஆக 20இல் 6 போக, கையில் 14 நாள். 429ஐ 14ஆல் வகுத்தால் 30.6. எப்போதும் மேலே முழுமைப்படுத்த வேண்டும், எனவே 31.

நாளுக்கு 31 பக்கமா? என்னால் நினைத்தும் பார்க்க முடியாது.

முடியுமா முடியாதா என்று நினைத்துப் பார்க்க வேண்டாம், அளந்து பாருங்கள். அந்தப் புத்தகத்தையே எடுத்து, நடுவில் எங்கேயாவது பத்துப் பக்கத்தை வழக்கமான வேகத்தில் வாசித்து நேரம் பாருங்கள். முதல் பத்துப் பக்கம் வேண்டாம்: பாத்திரங்களின் பெயர் பிடிபடும் வரை எல்லோரும் மெதுவாகத்தான் வாசிப்போம். கதை தெரிந்துவிடும் என்று பயந்தால் முதல் அத்தியாயத்தை முடித்துவிட்டு, இரண்டாவதில் அளக்கலாம்.

அவருக்குப் பத்துப் பக்கம் 22 நிமிடம், அதாவது பக்கத்துக்கு 2.2 நிமிடம். 31 பக்கத்துக்கு 68 நிமிடம். சாப்பாடு முடிந்து நித்திரைக்குப் போகும் வரை அவருக்குக் கிடைப்பது 50 நிமிடம். அதில் 22 பக்கம்தான் அடங்கும். நாளுக்கு 22 என்றால் 429 பக்கத்துக்கு 20 நாள் வேண்டும். வட்டமிடாத 20 நாளில் ஒன்றுகூடத் தவறக் கூடாது என்று அர்த்தம். நடக்காத காரியம் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. இருபத்தைந்தாம் திகதி தெரிவதைவிட இது எவ்வளவோ மேல்.

எனவே ஞாயிற்றுக்கிழமைகளைப் பார்த்தோம். ஞாயிறு பகலில் அவருக்கு இரண்டு மணித்தியாலம் கிடைக்கும். மாம்பழக் காலம் வேறு. மத்தியானம் ஒரு கறுத்தக்கொழும்பானைச் சாப்பிட்டுவிட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் படுத்தால் புத்தகத்தைத் தவிர வேறு வேலை ஓடாது (நித்திரையும் ஓடி வரும், அதற்கு நான் பொறுப்பில்லை). ஆகவே ஒரு ஞாயிறு இரண்டு நாளுக்குச் சமம். 28ஆம் திகதிக்கு முன் மூன்று ஞாயிறு இருந்தன: 9, 16, 23. மூன்றையும் நம்பக் கூடாது, ஒன்று எப்படியும் போகும். எனவே மூன்று மேலதிக நாளுக்குப் பதிலாக இரண்டை மட்டும் கூட்டினோம். 14 என்றிருந்தது 16 ஆனது.

429ஐ 16ஆல் வகுத்தால் 26.8. நாளுக்கு 27, ஞாயிறு என்றால் 54. 27 பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அவரிடம் இரவில் 50 நிமிடம் இருக்கிறது. குறைந்த 10 நிமிடத்தை விடியத் தேநீர் குடிக்கும் நேரத்தில் எடுத்தார்.

நேற்று வாசிக்கவில்லை. இன்று 54 பக்கம் வாசிக்க வேண்டுமா?

வேண்டாம். 27தான்.

இதை ஏற்க வைப்பதற்கு எனக்குப் பெரும்பாடு. நம் ஆட்களுக்குக் கடன் என்றால் உடனே அடைத்துவிட வேண்டும். ஆனால் நேற்றைய நாள் தவறும் என்பதற்குத்தான் ஆறு நாளை ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருக்கிறோம். அந்த ஆறில் ஒன்று செலவாகியிருக்கிறது, அவ்வளவுதான். 27 என்ற எண்ணே தவறிய நாட்களின் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கிற எண்; இன்னொரு முறை அதைச் சுமத்தினால் ஒரே கடனை இரண்டு முறை கட்டுவதாகும்.

கடனாகச் சேர்த்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று பாருங்கள். இரண்டு நாள் தவறினால் மூன்றாம் நாள் 81 பக்கம், அவர் வேகத்தில் கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம். வேலை முடிந்து வந்த ஒருவரால் அது முடியாது. முடியாது என்று தெரிந்ததும் புத்தகத்தைத் தொடவே மனம் வராது. நாலாம் நாள் 108. இந்த வழியில் கைவிடப்பட்ட புத்தகங்கள் எங்கள் வாசிகசாலையில் நிறையவே திரும்பி வந்திருக்கின்றன. அறுபதாம், எழுபதாம் பக்கத்தில் மடித்த காதோடு வரும். அதற்குப் பிறகு தாள் புதுசாக இருக்கும்.

மறுபக்கமும் உண்டு. நன்றாக ஓடிய ஓர் இரவில் 40 பக்கம் வாசித்துவிட்டால் நாளைக்கு விடுமுறை என்று எடுக்கக் கூடாது. கூடுதலாக வாசித்ததும் குறைவாக வாசித்ததும் ஞாயிறு இரவு மீள்கணக்கில் தானாகச் சேர்ந்துவிடும்.

மீள்கணக்கு என்றால் என்ன? தினமும் கணக்குப் போட வேண்டுமா?

கிழமைக்கு ஒரு தரம் போதும். தினமும் போட்டால் எண் 26, 28, 27 என்று ஆடிக்கொண்டே இருக்கும், அதைப் பார்த்துப் பதறுவதுதான் மிச்சம். ஞாயிறு வாசிப்பு முடிந்ததும் மிஞ்சிய பக்கம், மிஞ்சிய நாள், வட்டமிட்ட நாள், தவறக்கூடிய நாள் நான்கையும் புதிதாக எழுதி அதே கணக்கை மறுபடி போடுங்கள். ஐந்து நிமிட வேலை.

அவருடைய மாதம் இப்படிப் போனது. முதல் வாரத்தில் 5ஆம் திகதி கனடாவில் இருந்து வந்த சித்தி வீட்டுக்கு வந்து, பதினொரு மணி வரை கதைத்துக்கொண்டிருந்தார், அன்று வாசிக்கவில்லை. மற்ற ஐந்து நாளும் 27, ஞாயிறு 54. மொத்தம் 189, மிச்சம் 240. 10 தொடக்கம் 28 வரை 19 நாள், வட்டமிட்ட 6 போக 13. ஐந்துக்கு ஒன்று என்றால் 3 தவறும், அதன் வர்க்கமூலம் 2, ஆக 5 போக 8. மிச்சம் இரண்டு ஞாயிறில் ஒன்றை மட்டும் நம்பிக் கூட்டினால் 9. 240ஐ 9ஆல் வகுத்தால் 26.7, மறுபடியும் 27. ஒரு நாள் தவறியும் எண் அசையவில்லை. அதைக் கண்ட பிறகுதான் அவருக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை வந்தது.

இரண்டாம் வாரம் மோசம். 10, 11 இரண்டு நாளும் வாசித்தார், 54 பக்கம். பிறகு கொழும்பு. 15 விடியப் பஸ்ஸால் இறங்கி வந்து நாள் முழுக்க நித்திரை. 16 ஞாயிறு, அயல்வீட்டில் செத்தவீடு. நம்பக் கூடாது என்று விட்ட ஞாயிறு அதுதான். மிச்சம் 186. இனி 17 தொடக்கம் 28 வரை 12 நாள், வட்டமிட்ட 3 போக 9. தவறுவது 2, வர்க்கமூலம் 1, ஆக 3 போக 6. ஒரு ஞாயிறுதான் மிச்சம், அதை மேலதிகமாகக் கூட்டவில்லை. 186ஐ 6ஆல் வகுத்தால் சரியாக 31.

27 என்பது 31 ஆனது. நாளுக்கு எட்டு, ஒன்பது நிமிடம் கூட. தாங்கக்கூடிய ஏற்றம். கடன் முறையில் போயிருந்தால் 17ஆம் திகதி திங்கள் இரவு அவர் முன்னால் ஒரே மூச்சில் 108 பக்கம் கிடந்திருக்கும்: 15க்கு 27, ஞாயிறுக்கு 54, அன்றைக்கு 27.

மூன்றாம் வாரம் 17ஆம், 19ஆம் திகதிகளில் 31 பக்கமாக வாசித்தார். 18 தலையிடி. 22 சனி ஏன் வாசிக்கவில்லை என்று அவருக்கே தெரியவில்லை. 23 ஞாயிறு 62 பக்கம். மிச்சம் 62. நாலு நாளில் இரண்டை ஒதுக்கினால் மறுபடியும் 31. 24ஆம் திகதி வாசித்தார், 25 அந்தியேட்டி, 26ஆம் திகதி இரவு பத்தேகாலுக்கு 437ஆம் பக்கம் முடிந்தது. ஆறு நாள் ஒதுக்கியதில் ஐந்து செலவாகியிருந்தது.

அத்தியாயத்தின் நடுவில் 27ஆம் பக்கம் வந்தால் அங்கேயே நிறுத்துவதா?

அத்தியாய முடிவு மூன்று நாலு பக்கத்துக்குள் இருந்தால் அதுவரை போங்கள், இல்லாவிட்டால் ஒரு பந்தியின் முடிவில் நிறுத்துங்கள். முன்னால் நிறுத்துவதைப் பழக்கமாக்காதீர்கள். தினமும் மூன்று பக்கம் குறைந்தால் 16 தடவைக்கு 48 பக்கம், ஏறக்குறைய இரண்டு நாள்.

எனக்கு உயர்தரப் பரீட்சை. நாவல் அல்ல, பாடப்புத்தகம். இதே கணக்குச் சரிவருமா?

பக்கத்தை மட்டும் எண்ணினால் வராது. வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தில் போகும். இரசாயனவியலில் ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலமும், ஒரு கொப்பித் தாளும் போகும். அங்கே ஒவ்வொரு அலகிலும் இரண்டு பக்கத்தை அளந்து பார்த்து, அலகுக்கு எத்தனை மணித்தியாலம் என்று எழுதுங்கள். பக்கம் இருந்த இடத்தில் மணித்தியாலத்தை வைத்தால் மிச்சக் கணக்கு மாறாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: திரும்பப் படிப்பதற்கு ஒதுக்கிய நாட்களைத் தவறும் நாட்களின் ஒதுக்கீட்டில் இருந்து எடுக்கக் கூடாது. அவை கடைசி நாளை முன்னுக்குத் தள்ள வேண்டியவை, நாம் 30ஐ 28 ஆக்கியது போல.

நல்லூர்த் திருவிழா நேரத்தில் என்ன செய்வது? வீடு கோயிலுக்குப் பக்கத்தில்.

25 நாளையும் வட்டமிட்டுவிட்டுப் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். தேர், தீர்த்தம் போல நீங்கள் கட்டாயம் போகும் நாட்களை மட்டும் வட்டமிடுங்கள். மற்ற நாட்களுக்குத் தவறும் விகிதத்தை மாற்றுங்கள்: ஐந்துக்கு ஒன்று என்பதை இரண்டுக்கு ஒன்று ஆக்குங்கள். ஐந்து நாளை வட்டமிட்டால் மிச்சம் 20, அதில் 10 தவறும். வர்க்கமூலம் 3 என்று வரும், ஆனால் பாதிக்குப் பாதி தவறும் காலத்தில் என் கைக்கணக்குக் கொஞ்சம் அதிகப்படியாகப் பயப்படுகிறது. 2 கூட்டினால் போதும். கையில் 8 நாள். வீட்டில் சொந்தக்காரர் நிறைந்திருந்து, ஒலிபெருக்கியும் கேட்கும் நேரத்தில் வாசிப்பு வேகமும் குறையும். அதையும் அந்த நாட்களிலேயே அளந்து பாருங்கள்.

கைபேசியில் வாசிக்கிறேன். பக்க எண்ணே இல்லை, அல்லது எழுத்தைப் பெரிதாக்கினால் மாறிவிடுகிறது.

விழுக்காட்டை எடுங்கள். 16 நாள் என்றால் நாளுக்கு 6.25, ஆகவே 7 விழுக்காடு. நூலகம் வலைத்தளத்தில் இருப்பது போன்ற படியெடுத்த புத்தகங்களில் திரையில் தெரியும் எண்ணும் அச்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இராது, அட்டையும் முன்பக்கங்களும் திரையில் எண்ணப்பட்டுவிடும். ஏதாவது ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

முடிக்க முடியாது என்று எப்போது ஒத்துக்கொள்ளலாம்?

ஞாயிறு மீள்கணக்கில் வரும் எண்ணை உங்கள் நேரத்தில் அடங்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். அவருக்கு ஒரு மணித்தியாலத்தில் 27 அடங்கும், கொஞ்சம் இழுத்தால் 31, வருத்தப்பட்டால் 35. எண் அதற்கு மேல் போய், அடுத்த ஞாயிறும் இன்னும் ஏறினால் கணக்கு உடைந்துவிட்டது. "கடைசி வாரம் பிடித்துவிடலாம்" என்று உங்களுக்குத் தோன்றும். கடைசி வாரத்தில் ஒதுக்கிய நாட்களும் குறைந்துவிடும், ஒரு காய்ச்சல் வந்தால் முழுத் திட்டமும் விழும்.

அப்போது மூன்று வழி இருக்கிறது. நூலகப் புத்தகமானால் கெடு முடிவதற்கு முன்னமே போய்ப் புதுப்பிக்கக் கேளுங்கள்; வேறொருவர் பதிந்திருந்தால் கிடைக்காது, அதனால்தான் முந்திக் கேட்க வேண்டும். கட்டுரைத் தொகுப்பு, சிறுகதைத் தொகுப்பு என்றால் எதை விடுவது என்று தெரிந்தெடுத்து விட்டுவிடலாம். நாவலில் அது சரிவராது. நடுவில் நூறு பக்கத்தைத் தாண்டிப் போனவர் கூட்டத்தில் வாய் திறந்ததும் அகப்பட்டுவிடுவார். எங்கள் வட்டத்திலேயே இரண்டு முறை நடந்தது, ஒரு முறை நானே. மூன்றாவது வழி, இத்தனையாம் பக்கம் வரைதான் வாசித்தேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவது. அப்படிச் சொல்பவருக்காக முடிவைப் பற்றிய பேச்சைத் தேநீருக்குப் பிறகு தள்ளிவைப்பது எங்கள் வட்டத்தின் வழக்கம். அந்த நேரம் அவர் முற்றத்துக்குப் போய் நிற்கலாம்.